பன்னிரண்டு புடவை, ஒரு மணி நேரம்: முதல் லைவுக்கு ஒரு ஸ்கிரிப்ட்

என் முதல் லைவில் இருந்ததிலேயே நல்ல புடவையை இரண்டாவது நிமிடத்திலேயே எடுத்துக் காட்டிவிட்டேன். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, பரமக்குடிப் பருத்தி. அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் என் அத்தை, இன்னொன்று என் வீட்டிலேயே இருந்த இரண்டாவது போன். இருபது நிமிடம் கழித்து அறுபது பேர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் "அந்த முதல் புடவை என்ன விலை?" என்று கேட்டார்கள். அதை மூன்று முறை திரும்ப விரித்துக் காட்டியதில் மீதி ஒன்பது புடவையை அரைகுறையாகக் காட்டி முடித்தேன். அன்று விற்றது இரண்டு.

பேச்சுத் திறமை அன்றும் இருந்தது. வரிசைதான் இல்லை. எந்தப் புடவை எத்தனையாவதாக வர வேண்டும், விலையை எந்த நேரத்தில் சொல்ல வேண்டும், கமெண்டுக்கு எப்போது நின்று பதில் சொல்ல வேண்டும் என்று மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் லைவ் நடத்தலாம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் வீட்டுத் திண்ணையிலிருந்து விற்கும் நான் இப்போது பின்பற்றும் ஸ்கிரிப்டைத்தான் இங்கே எழுதுகிறேன். சரக்கு பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கத்துத் தறிக்காரர்களிடம் எடுப்பது. பஸ்ஸில் போய்த் திரும்ப ஒரு பகல் போதும்.

உட்காரும் முன்

இன்ஸ்டாகிராமில் லைவ் போக இப்போது ஆயிரம் ஃபாலோவர் வேண்டும், கணக்கு பொதுக் கணக்காகவும் இருக்க வேண்டும். யூடியூபில் போனிலிருந்து லைவ் போக 50 சந்தாதாரர் வேண்டும். முதல் தடவை அந்த வசதியைத் திறக்க ஒரு நாள் வரை ஆகலாம் என்பதால் முந்தின நாளே திறந்து வையுங்கள். லைவுக்குள்ளேயே கடை வைத்துப் பணம் வாங்கும் வசதியை ஃபேஸ்புக் 2022லும், இன்ஸ்டாகிராம் 2023லும் எடுத்துவிட்டன. அதனால் ஆர்டர் கமெண்டில் வரும், பேச்சும் பணமும் வாட்ஸ்அப்பில் நடக்கும். ஸ்கிரிப்ட் முழுவதும் இந்த ஏற்பாட்டை வைத்தே எழுதியது.

இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். ஒருவர் புடவை காட்டுவார். இன்னொருவர் கேமராவுக்குப் பின்னால் இரண்டாவது போனில் அதே லைவைப் பார்த்துக்கொண்டு கமெண்டை வாசித்துச் சொல்வார், நோட்டில் ஆர்டர் எழுதுவார். எனக்கு என் தங்கை. ஒரே ஆளாகச் செய்தால் கமெண்ட் வாசிக்க ஒவ்வொரு முறையும் போனுக்குக் குனிய வேண்டியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு உங்கள் உச்சந்தலைதான் தெரியும்.

போனின் பின் கேமராவையே பயன்படுத்துங்கள். படம் தெளிவாக இருக்கும், எழுத்தும் திரும்பித் தெரியாது. முன் கேமராவில் விலை அட்டை இடவலம் மாறித் தெரிகிறதா என்பது ஆப்புக்கு ஆப்பு மாறும். எதுவானாலும் தங்கையின் போனில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

வெளிச்சத்தில் ஒரே விதி, ஒரே வகை விளக்கு. வெள்ளை டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் போன் நிறத்தைக் கணிக்கத் தடுமாறும். ஒரே புடவை இடப்பக்கம் காவியாகவும் வலப்பக்கம் ரோஸாகவும் தெரியும். ஜன்னல் கதவையும் சாத்திவிடுங்கள். சாயங்காலம் கடற்கரைப் பக்கத்து வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும், லைவின் தொடக்கத்தில் பார்த்த நிறம் முடிவில் இருக்காது. மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். காற்று மைக்கில் அடித்தால் நீங்கள் கடல் நடுவில் நின்று பேசுவது போலக் கேட்கும். வியர்க்கத்தான் செய்யும், ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும்.

கஞ்சி போட்ட பருத்திப் புடவை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காலையிலேயே பிரித்து அடுக்கி வைத்தால் ராத்திரிக்குள் புடவை துவண்டுவிடும். "பழசு மாதிரி இருக்கே" என்று கமெண்ட் வந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. இப்போது லைவுக்கு அரை மணி முன்புதான் கவரிலிருந்து எடுக்கிறேன்.

நேரம் ராத்திரி எட்டு மணி எனக்கு ஒத்துவருகிறது. அப்போது துபாயில் ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வாடிக்கையாளர்கள் வீட்டில் யாராவது ஒருவர் வெளியூரில் இருப்பார், பல வீடுகளில் பணம் அனுப்புகிறவர் அவர்தான். இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலோர வீடுகளில் கை இறுக்கமாக இருக்கும். அப்போது நான் பட்டுப்பருத்தியைத் தொடுவதில்லை, அறுநூறுக்குள் உள்ள சரக்கைத்தான் அதிகம் வைப்பேன்.

அட்டையின் பின்பக்கம்

ஒவ்வொரு புடவைக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் பெரிய எண், அதன் கீழ் விலை. பின்பக்கம் உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டியவை: வாங்கிய விலை, இதற்குக் கீழே போகக் கூடாது என்ற அடிவிலை, எத்தனை கையிருப்பு, ரவிக்கை உண்டா இல்லையா. இந்தப் பின்பக்கத்தை லைவுக்கு முன்பே எழுதாதவர்கள் யாரோ ஒருவர் "ஐம்பது குறைங்க" என்றதும் கணக்கே போடாமல் தலையாட்டிவிடுவார்கள்.

ஒரு புடவையின் கணக்கைப் பார்ப்போம். பரமக்குடியில் 640 ரூபாய்க்கு எடுத்த 80 நம்பர் நூல் பருத்தி. போய்வந்த செலவு 200, எடுத்தது இருபது புடவை, ஆக ஒன்றுக்கு 10. கவரும் அட்டையும் 12. கூரியர் 80. திரும்பி வருவது, கறை படுவது என்று இழப்புக்கு நான் வாங்கிய விலையில் நூற்றுக்கு ஐந்து ஒதுக்குவேன், அது 32. மொத்தம் 774. கூரியர் சேர்த்து 890க்கு விற்றால் கையில் நிற்பது 116. ஐம்பது குறைத்தால் 66. நூறு குறைத்தால் மிஞ்சுவது 16 ரூபாய், அதற்கு ஒரு மணி நேரம் கத்த வேண்டியதில்லை. இந்தப் புடவைக்கு அட்டைப் பின்னால் நான் எழுதிய அடிவிலை 850.

கூரியர் 80 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் கூரியர்காரர் அரைக் கிலோவுக்கு ஒரு படி என்று கணக்குப் பண்ணுவார். புடவை மட்டும் அரைக் கிலோவுக்குள் இருக்கும். கவர், அட்டை, உள்தாள் எல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும், அடுத்த படிக்குப் போய்விடும். எனவே கட்டி முடித்த பார்சலையே தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு பார்சலில் இரண்டு புடவை போட்டால் எனக்கு 120 ஆகிறது. தனித்தனியாக அனுப்பினால் 160. நாற்பது மிச்சம், ஒரு கவரும் அட்டையும் மிச்சம், ஆக 52 ரூபாய். இந்த ஐம்பத்திரண்டை மறக்காதீர்கள், பேரம் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லும்போது உதவும்.

வரிசை

புதியவர்களுக்குப் பன்னிரண்டு புடவை போதும். ஒரு புடவைக்கு நான்கு நிமிடம், ஆக 48. தொடக்கத்துக்கு நான்கு, நடுவில் மறுபார்வைக்கு மூன்று, முடிவுக்கு ஐந்து. மொத்தம் அறுபது. இருபது, முப்பது என்று அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்தில் தூக்கிக் காட்ட வேண்டிவரும். வாங்குகிறவர் முந்தியைப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

முதல் இரண்டு இடத்தில் மலிவான, எல்லாருக்கும் பிடிக்கும் புடவைகளை வையுங்கள். 450, 500 ரூபாய்க் கட்டம் போட்டவை. ஆள் சேரும் நேரம் அது. அவை விற்காவிட்டாலும் நஷ்டமில்லை, விற்றால் "இங்கே வாங்குகிறார்கள்" என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியும். நல்ல புடவை ஐந்தாவது இடத்தில் வர வேண்டும், அதாவது ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில். இரண்டாவது நல்லது பத்தாவது இடத்தில். விலை உயர்ந்த ஒன்றுக்கு அடுத்து எப்போதும் குறைந்த விலையில் ஒன்று. 1,650 ரூபாய் பட்டுப்பருத்தியைப் பார்த்து "நமக்கு ஆகாது" என்று வெளியேறக் கை நீட்டியவர் 600 ரூபாய்ப் புடவையைப் பார்த்தால் நிற்பார்.

அடுத்தடுத்து ஒரே நிறத்தை வைக்காதீர்கள். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. "அந்த நீலம் எனக்கு" என்று எழுதுகிறவர் எந்த நீலத்தைச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஒருமுறை ஆறாவது நீலத்தை அனுப்பிவிட்டேன், அவர் கேட்டது ஏழாவது. இரண்டு பக்கக் கூரியரும் என் கணக்கில் போனது.

ஆறு புடவை முடிந்ததும் மூன்று நிமிட மறுபார்வை. விற்காமல் இருப்பவற்றை மட்டும் எண், நிறம், விலை என்று வேகமாக ஒரு சுற்று. பாதியில் வந்தவர்களுக்கு இதுதான் லைவின் ஆரம்பம். அவர்கள் "முதலில் காட்டினதை மறுபடி காட்டுங்க" என்று கேட்டால், "ஆறு முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒரு சுத்து காட்டுறேன், இருங்க" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல ஒரு நேரம் இருப்பதால்தான் வரிசை கலையாமல் போகிறது.

ஒரு புடவைக்கு நான்கு நிமிடம்

லைவில் நீங்கள் பேசுவது பார்க்கிறவர் காதில் உடனே விழாது. சில நொடியிலிருந்து இருபது நொடி வரை பிந்தும். சிக்னல் எப்படி, எந்த ஆப் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஊரில் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க, கை தட்டிவிட்டு இரண்டாவது போனில் அந்தத் தட்டல் எப்போது வருகிறது என்று எண்ணுங்கள். எனக்குப் பன்னிரண்டு நொடி வருகிறது. மழை நாளில் இன்னும் கூடும்.

விலை சொல்லும் முறை முழுவதும் இந்தப் பன்னிரண்டு நொடியைச் சுற்றித்தான். விலையைச் சொல்லி, உடனே "யாருக்கும் வேண்டாமா? சரி, அடுத்தது" என்று போய்விட்டால், அவர்கள் விலையைக் கேட்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த புடவையைக் கையில் வைத்திருப்பீர்கள். கமெண்ட் அதற்கும் பிறகுதான் வரும். யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து முகம் வாடுவீர்கள், அந்த வாட்டமும் லைவில் போகும்.

நான்கு நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன்.

முதல் நிமிடம் புடவை மட்டும். எண் அட்டையைக் காட்டி, எண்ணை வாயாலும் சொல்லி, முந்தியை விரிப்பது. பிறகு கரை, உடல், ரவிக்கைத் துணி. கரை எத்தனை விரல் அகலம் என்று விரலை வைத்தே காட்டுங்கள். சென்டிமீட்டர் சொன்னால் யாருக்கும் மனத்தில் படம் வராது.

"இது அஞ்சாம் நம்பர். பரமக்குடிப் பருத்தி. உடல் மயில்கழுத்து, கரை அரக்கு. போன்ல கரை சிவப்பாத் தெரியுது, நேர்ல அரக்குதான், நல்லாப் பழுத்த மாதுளம் முத்து மாதிரி. கரை நாலு விரல். முந்தி இந்த அளவு, முழுக்கோடு. ரவிக்கை சேர்ந்தே இருக்கு, அரக்கு நிறம், தனியா எடுக்க வேண்டாம்."

நிறத்தை இப்படிச் சொல்வதில் சோம்பல் கூடாது. திரும்பி வரும் புடவைகளில் எனக்கு முக்கால்வாசி நிறத்தால்தான். போன் எதை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டால் அவர் ஏமாந்தேன் என்று சொல்ல இடமில்லை. கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எலுமிச்சை என்று எல்லாரும் கண்ணால் பார்த்த பொருளைச் சொல்லுங்கள்.

இரண்டாம் நிமிடத் தொடக்கத்தில் விலை. இதற்கு மேல் தள்ளக் கூடாது. "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்பது என்னைப் பொறுத்தவரை வாங்குகிறவரை வாசலிலேயே நிறுத்திவைப்பது. ஆனால் புடவையை எடுத்த கையோடு விலை சொல்வதும் சரியில்லை, கேட்டவர் புடவையைப் பார்ப்பதை விட்டு விலையையே பார்ப்பார். முந்தியும் கரையும் ரவிக்கையும் பார்த்து முடித்ததும் விலை, அவ்வளவுதான்.

"அஞ்சாம் நம்பர், 890 ரூபாய். தமிழ்நாட்டுக்குள்ள எங்க இருந்தாலும் கூரியர் இதுலயே சேர்ந்திருக்கு, மேல ஒரு ரூபாய் கிடையாது. ரெண்டே ரெண்டு பீஸ். வேணுங்கிறவங்க கமெண்ட்ல அஞ்சுன்னு நம்பர் மட்டும் போடுங்க."

இதைச் சொல்லிவிட்டு அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மனதுக்குள் பதினைந்து எண்ணுங்கள். வாய் சும்மா இருக்க வேண்டாம், விலையை இன்னொரு முறை சொல்லலாம். ஆனால் அட்டை அசையக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர்கள் இந்த நேரத்தில்தான் எடுப்பார்கள். அட்டையும் புடவையும் ஒரே படத்தில் விழ வேண்டும்.

பிந்தி வரும் கமெண்டுக்காகத்தான் அடுத்த இரண்டு நிமிடம். கமெண்ட் வரும் வரை புடவையைத் தோளில் போட்டு, கொசுவம் எப்படி நிற்கிறது என்று காட்டுவது, துவைக்கும் முறை சொல்வது, பதில் சொல்வது. கடைசி அரை நிமிடத்தில் தங்கை நோட்டைப் பார்த்து, "அஞ்சு ரெண்டும் போயிருச்சு" என்றோ "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றோ சொல்வாள். அதை நான் உரக்கச் சொல்லி அடுத்ததற்குப் போவேன்.

"ரெண்டே பீஸ்" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே புடவையை "ரெண்டே பீஸ்" என்று காட்டினால் பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்கும். "2,000 ரூபாய்ப் புடவை இன்னைக்கு மட்டும் 890" என்ற கதையும் அப்படித்தான். யாருமே இரண்டாயிரத்துக்கு விற்காத புடவைக்கு அந்த விலையை ஒட்டுவது பொய் விளம்பரம், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறும்கூட. அதே போல, விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லாதீர்கள். தறிக்காரரிடமே கேட்டு அட்டைப் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். நிச்சயமாகத் தெரியாத புடவைக்கு நான் "பருத்தி" என்று மட்டும் சொல்வேன்.

கமெண்டுக்குப் பதில்

பதிலுக்கு ஒரே வடிவம் வைத்துக்கொண்டால் தடுமாற்றமே வராது: பெயர், கேள்வி, புடவை எண், பதில். கேள்வியைத் திரும்பச் சொல்வது முக்கியம். மற்றவர்கள் அந்தக் கமெண்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். "ஆமாங்க, இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் எதற்கு ஆமாம் என்று யாருக்கும் புரியாது, கேட்டவருக்கும் பதில் வரும்போது மறந்துபோயிருக்கும்.

எல்லாக் கமெண்டுக்கும் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். கையில் இருக்கும் புடவையைப் பற்றிய கேள்வி முதலில். வெளியூர்க் கூரியர், கடை எங்கே போன்றவை மறுபார்வையில். "ஹாய் அக்கா" என்பதற்குத் தங்கை தட்டச்சில் பதில் போடுவாள். லாத்தா, மதினி, அக்கா, தம்பி என்று யாருக்கு எது பொருந்துமோ அதைச் சொல்லி அழையுங்கள். முறை தெரியாதவரைப் பெயரோடு "ங்க" சேர்த்துச் சொன்னால் போதும்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் ஆறேழுதான். நான் சொல்லும் பதில்களை அப்படியே தருகிறேன்.

சாயம் போகுமா? "லாத்தா, சாயம் போகுமான்னு கேட்டீங்க, அஞ்சாம் நம்பருக்கு. கரை அரக்கு, அடர்த்தியான நிறம். முதல் தடவை தனியா, பச்சைத் தண்ணில, கல் உப்புப் போட்டு அலசுங்க. கொஞ்சம் நிறம் இறங்கும். வேற துணியோட சேர்த்து ஊற வைக்காதீங்க." போகவே போகாது என்று சத்தியம் பண்ணாதீர்கள். அடர் நிறப் பருத்தியில் முதல் அலசலில் கொஞ்சம் இறங்குவது சகஜம். முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

ஜரிகை கறுக்குமா? இந்தக் கேள்வி நம் கடற்கரையில் அதிகம் வரும், காரணமும் இருக்கிறது. சாதாரண விலைப் புடவையில் வரும் ஜரிகை வெள்ளி இழை கிடையாது. அதில் செம்பு இருந்தால் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் மங்கும். "ஆமா மதினி, எட்டாம் நம்பர் ஜரிகை சாதா ஜரிகைதான். கட்டி முடிச்சதும் நிழல்ல ஆறவிட்டு, வெள்ளைத் துணில சுத்தி வைங்க. பூச்சி உருண்டையும் சென்ட்டும் ஜரிகை மேல படக் கூடாது."

நீளம் காணுமா? உடம்பு பெரிய வாகுள்ளவர்கள் நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்களே முன்னால் சொல்லிவிடுவது நல்லது. "புடவை அஞ்சரை மீட்டர், ரவிக்கைத் துணி தனியா முக்கால் மீட்டருக்கு மேல இருக்கு." இதையும் வாங்கும்போதே அளந்து பாருங்கள். புடவைக் கட்டின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பி நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன், புடவையை அல்ல.

குறைக்க முடியுமா? இங்கேதான் அந்த 52 ரூபாய். "ஒண்ணா எடுத்தா 890தான்ங்க, அதுல குறைச்சா எனக்குக் கட்டாது. ரெண்டு எடுத்தீங்கன்னா ஒரே பார்சல்ல போகும், கூரியர் மிச்சம். அந்த மிச்சத்தை உங்களுக்கே தர்றேன், ரெண்டுக்கும் சேர்த்து அம்பது குறைச்சுக்கோங்க." எனக்கு நஷ்டமில்லை, அவருக்கும் குறைத்து வாங்கிய திருப்தி, இரண்டு புடவையும் போகும். அட்டையில் எழுதிய அடிவிலை 850ஐ லைவில் வாயால் சொல்லவே மாட்டேன். அது லைவ் முடிந்து மூன்று நாளாகியும் கிடக்கும் புடவைக்கு, வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கிறவருக்கு. லைவில் ஒருவருக்குக் குறைத்தால் ஏற்கெனவே முழு விலைக்கு நம்பர் போட்டவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேஷ் ஆன் டெலிவரி உண்டா? நான் கிடையாது என்று சொல்லிவிடுவேன். வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கச் செலவும் நம் தலையில்தான்.

போன தடவை வாங்கினது இன்னும் வரவில்லை, அல்லது கிழிந்து வந்தது. இந்தக் கமெண்டை அழித்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். அழிக்காதீர்கள், அழித்தால் அவர் மறுபடி எழுதுவார், இன்னும் காட்டமாக. "பாத்துட்டேங்க. உங்க பார்சல் நம்பரை இப்பவே வாட்ஸ்அப்ல அனுப்புங்க, தங்கச்சி பாப்பா. லைவ் முடிஞ்ச உடனே நானே கூப்பிடுறேன்." பத்து நொடியில் முடிக்க வேண்டும், லைவில் வாதம் கூடாது. சொன்னபடி கூப்பிடவும் வேண்டும்.

அசிங்கமாக எழுதுகிறவர்களும் வருவார்கள், அதுவும் பெண்கள் நடத்தும் லைவில் நிச்சயம் வருவார்கள். படிக்காமல், பதில் சொல்லாமல், முகத்தில் காட்டாமல் இரண்டாவது போனிலிருந்து பிளாக் செய்வது தங்கையின் வேலை. அதற்கு அவள் கணக்கை மாடரேட்டராகச் சேர்த்திருக்க வேண்டும்.

யாருக்கு முதலில்

இரண்டு பீஸுக்கு நான்கு பேர் நம்பர் போட்டால் சண்டை வரும். விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எங்க போன்ல கமெண்ட் எந்த வரிசையில வருதோ அந்த வரிசைதான். நோட்டுல எழுதுவோம். அரை மணிக்குள்ள பணம் அனுப்புனா உங்களுக்கு. இல்லைன்னா அடுத்தவங்களுக்கு." அவரவர் திரையில் அவரவர் கமெண்ட் உடனே தெரிந்துவிடும், அதனால் எல்லாரும் "நான்தான் முதலில்" என்றே நினைப்பார்கள். பொய் சொல்வதாக எண்ணாதீர்கள்.

ஒரு லைவில் ஐந்தாம் எண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விலை சொல்லிப் பதினான்காவது நொடியில் முதல் கமெண்ட், கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா. இரண்டாவது தொண்டிக்காரர். மூன்றாவது பாம்பனிலிருந்து ஒரு தம்பி, அம்மாவுக்காக. தங்கை மூவரையும் எழுதி, முதல் இருவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் மொத்தத் தொகையை அனுப்பினாள். நான் லைவில் "அஞ்சு ரெண்டும் புக் ஆயிருச்சு, தம்பி, உங்க பேர் மூணாவதா இருக்கு, விட்டா சொல்றேன்" என்றேன். லாத்தாவின் மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பிவிட்டார். தொண்டிக்காரர் அரை மணி கழித்தும் அனுப்பவில்லை. தம்பிக்குச் செய்தி போனது, ஐந்து நிமிடத்தில் பணம் வந்தது. மறுநாள் காலை தொண்டிக்காரர் கேட்டபோது நோட்டில் நேரம் எழுதியிருந்தது உதவியது. அவர் வேறு புடவை எடுத்துக்கொண்டார்.

பணம் வந்ததா என்பதை அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காதீர்கள், அதைப் போலியாகச் செய்வது சுலபம். உங்கள் வங்கி ஆப்பிலோ கணக்கிலோ பாருங்கள். இன்னொன்று, பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் போட வேண்டியதில்லை. "பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு எடுத்துக்கோங்க" என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எடுக்க வந்தவர்.

தொடக்கமும் முடிவும்

முதல் நான்கு நிமிடம் ஆள் சேரும் வரை வெறுமனே "எல்லாரும் வாங்க, ஷேர் பண்ணுங்க" என்று கெஞ்ச வேண்டாம். விதியைச் சொல்லவும், பன்னிரண்டு புடவையின் மடிப்பை மட்டும் அடுக்காகக் காட்டவும் அந்த நேரம் சரியாக இருக்கும். "உச்சிப்புளியில இருந்து பேசுறேன். இன்னைக்குப் பன்னெண்டு புடவை, 450ல இருந்து 1,650 வரைக்கும். பிடிச்சா நம்பரை மட்டும் போடுங்க. நடுவுல வர்றவங்களுக்காக எட்டரை மணி வாக்குல ஒரு தடவை திரும்பக் காட்டுவேன்."

கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சம் இருப்பவற்றை மட்டும் எண்ணும் விலையுமாக ஒரு முறை, அடுத்த லைவ் எந்தக் கிழமை என்று ஒரு வரி, எப்போது பார்சல் போகும் என்று ஒரு வரி. நான் "பணம் வந்த பார்சல் எல்லாம் நாளைக்குச் சாயங்காலம் கூரியர்ல போயிரும்" என்று மட்டும் சொல்வேன். கையில் எப்போது கிடைக்கும் என்று நாள் குறித்துச் சொல்வதில்லை, அது நம் கையில் இல்லை.

கரண்ட் போனால்? எங்கள் பக்கம் மழைக்காலத்தில் போகத்தான் செய்யும். சார்ஜ் விளக்கு ஒன்று தயாராக வைத்திருக்கிறேன், ஆனால் அதன் வெளிச்சத்தில் நிறம் மாறிவிடும். அந்த நேரத்தில் புதுப் புடவையை எடுக்காமல் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பேன். சிக்னல் அறுந்து லைவே நின்றுவிட்டால் புது லைவைத் தொடங்கி, விட்ட எண்ணிலிருந்து போவேன், ஒன்றிலிருந்து திரும்பவும் ஆரம்பிக்க மாட்டேன்.

லைவ் முடிந்ததும் வீடியோவை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு. எந்தப் புடவையில் கமெண்ட் குவிந்தது, எதில் ஆள் குறைந்தது என்று அட்டைப் பின்னால் எழுதுங்கள். நான் அப்படிப் பார்த்தபோது மூன்றாவது புடவையில் ஒவ்வொரு வாரமும் பத்துப் பேர் வெளியே போவது தெரிந்தது. அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிக்கத் திரும்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொம்பைக் கேமராவுக்கு முன்பக்கம் வைத்திருக்கிறேன்.